இழப்புக்குறி: காதலில் பாடுபட்டுக் காட்டுவதற்கு ஒரு சொல்

உயிரியலிலும் பொருளியலிலும் 'காஸ்ட்லி சிக்னலிங்' என்றொரு தொடர் உண்டு. அதைத் தமிழில் 'விலையுயர்ந்த சமிக்ஞை' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். நம் பேச்சில் 'காஸ்ட்லி' என்றால் விலை அதிகம். இந்தத் தொடரில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. தன் திறமையையோ மெய்யான விருப்பத்தையோ காட்டுகிறவன் எதையாவது இழந்தால்தான் காட்ட முடியும் என்பதே இங்கே அதன் பொருள். அப்படி இழந்து காட்டும் அடையாளத்தை இழப்புக்குறி என்று சொல்கிறேன். இழப்பது பணமாக இருக்கலாம். தூக்கமோ விடுமுறை நாளோ ஊரில் உள்ள மதிப்போ உடம்பின் பலமோகூட இருக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாத இழப்புக்குறியும் உண்டு. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியும் இழப்புக்குறி ஆகாத பரிசும் உண்டு.

இந்தக் கருத்து இரண்டு துறைகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவானது. 1973-இல் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையைப் பற்றி எழுதினார். திறமைசாலிக்குப் பட்டம் வாங்குவது எளிது, திறமை குறைந்தவருக்குக் கடினம். எனவே படித்த பாடம் வேலைக்கு உதவாவிட்டாலும் பட்டம் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும் என்றார். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1975-இல் இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி இதே போன்ற எண்ணத்தை விலங்குகளின் துணைத்தேர்வுக்குச் சொன்னார். மயிலின் தோகை பறப்பதற்கும் தப்பியோடுவதற்கும் பெரும் சுமை. அந்தச் சுமையோடும் பிழைத்திருப்பதே ஆண்மயிலின் வலுவுக்குச் சான்று என்பது அவர் வாதம். முதலில் பலர் இதை ஏற்கவில்லை. 1990-இல் உயிரியலாளர் ஆலன் கிராஃபன் கணித வடிவம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது.

காதலுக்கு வருவோம். இரண்டு இளைஞர்கள் ஒரே பெண்ணிடம் 'உன்னைக் கல்யாணம் செய்துகொள்வேன்' என்கிறார்கள். ஒருவன் மெய்யாகச் சொல்கிறான். மற்றவனுக்கு மூன்று மாதப் பழக்கம் போதும். சொல் இருவருக்கும் இலவசம், ஆகவே அந்தச் சொல்லைக் கொண்டு அவளால் இருவரையும் பிரித்தறிய முடியாது. இருவருக்கும் இந்த உறவால் கிடைக்கும் நன்மையை எண்ணாக வைத்துப் பார்ப்போம். முதலாமவன் நெடுங்காலத்துக்கு நிற்கப்போகிறவன், அவனுக்கு 100. இரண்டாமவனுக்கு 20. அவளை நம்பவைக்க ஆகும் பாடு 10 என்றால் இருவருமே படுவார்கள், அவளுக்கு எதுவும் தெரியவராது. பாடு 30 என்றால் முதலாமவனுக்கு இன்னும் 70 மிஞ்சும். இரண்டாமவனுக்கு 10 நட்டம், அவன் ஒதுங்கிவிடுவான். 100-க்கு மேல் போனால் இருவருமே ஒதுங்குவார்கள். ஆகவே பாடு பெரிதாக இருப்பது மட்டும் போதாது. மெய்யானவன் தாங்கக்கூடியதாகவும் பொய்யனுக்குக் கட்டாததாகவும் அது இருக்க வேண்டும். இந்த இடைவெளிதான் இந்தச் சொல்லின் உயிர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள்: மெய்யானவன் நிறைய இழந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, ஏமாற்றுகிறவன் நிறைய இழக்க வேண்டியிருந்தால் போதும்.

விலையும் இழப்பும் வேறு என்பது இங்கே தெளிவாகும். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவன் தஞ்சாவூரில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வாரம் தவறாமல் சனிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறான் என்று வையுங்கள். டிக்கெட் பணம் பெரிதல்ல. போக ஓர் இரவு, திரும்ப ஓர் இரவு, நடுவே ஒரு ஞாயிறு போய்விடுகிறது. பணத்தைப் பிரித்து நான்கு பெண்களுக்குப் பரிசு வாங்கலாம். அவன் ஞாயிற்றுக்கிழமையைப் பிரிக்க முடியாது. தஞ்சாவூரில் கழிந்த ஞாயிறு வேறெந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத ஞாயிறு. பொழுதுபோக்குக்காகப் பழகுகிறவனுக்கு இந்தக் கணக்கு சில வாரங்களிலேயே கட்டாமல் போகும். ஐம்பதாயிரம் ரூபாய் போனின் கதை வேறு. மாதம் மூன்று லட்சம் சம்பாதிப்பவன் அதைக் கொடுத்தால் அவன் எதையும் இழக்கவில்லை. பதினெட்டாயிரம் சம்பளக்காரன் கொடுத்தால் அது ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. பரிசைப் பார்த்தால் மட்டும் போதாது, கொடுத்தவன் நிலையும் தெரிந்தால்தான் குறியைப் படிக்க முடியும். கையால் செய்த பொருளுக்கும் அலைந்து தேடிக் கொண்டுவந்த பழைய புத்தகத்துக்கும் மனம் இளகுவது அதனால்தான். நேரம் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் பூ எதற்கு? நாளைக்கு வாடிப்போகும் பூங்கொத்துக்குப் பதில் அதே பணத்தைக் கையில் கொடுத்தால் அவளுக்கு உதவுமே! இந்தக் கேள்வியை லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பீட்டர் சோசூவும் ராபர்ட் சீமோரும் 2005-இல் ஒரு கணித மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ஏமாற்றம் இரு பக்கமும் நடக்கலாம் என்பது அவர்கள் கண்ட நுட்பம். ஆணுக்கும் பயம் உண்டு: பரிசுக்காக மட்டும் பழகி, நகையை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டால்? விற்றால் காசாகும் பரிசு அப்படிப்பட்டவர்களை ஈர்க்கும். நல்ல உணவகத்தில் ஒரு மாலையோ, பூவோ, சேர்ந்து பார்த்த நாடகமோ கொடுத்தவனுக்குச் செலவு, பெற்றவளுக்கு விற்றுமுதலாகாது. அவன்மேல் விருப்பமே இல்லாதவள் அதற்காக ஒரு மாலை முழுவதும் அவனோடு உட்கார்ந்திருக்க மாட்டாள். ஆகவே செலவு மிகுந்து, கைமாற்று மதிப்பு இல்லாத பரிசு அவன் மெய்யையும் காட்டும், அவள் விருப்பத்தையும் சோதித்துவிடும். பூங்கொத்தை வீண்செலவு என்று திட்டும் பெரியவர்களுக்கு இந்த விடை பிடிக்காமல் போகலாம். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு.

இனித் தமிழ்ச்சொல். 'சிக்னல்' என்பதன் வேர் அடையாளம் என்று பொருள்படும் லத்தீன் சொல். தமிழில் அதற்குச் சமிக்ஞை, சைகை, குறிகை, குறிப்பு, குறி எனப் பல சொற்கள் புழங்குகின்றன. நான் 'குறி'யைத் தேர்கிறேன், அதற்குக் காரணம் அகப்பொருள் இலக்கணம். பகலில் சந்திக்கும் இடம் பகற்குறி, இரவில் சந்திக்கும் இடம் இரவுக்குறி. தலைவன் வந்ததைத் தெரிவிக்கச் செய்யும் ஒலியும் குறிதான். அவன் செய்யாமல், பறவை எழுப்பிய ஒலியையோ நீரில் காய் விழுந்த ஓசையையோ அவன் குறியென்று நம்பித் தலைவி வந்து ஏமாந்து திரும்பினால் அதற்குப் பெயர் அல்லகுறி. தொல்காப்பியக் களவியலிலேயே இருக்கும் சொல் இது. காதலில் பொய்க்குறி என்ற கருத்துக்கு நம்மிடம் இவ்வளவு பழைய சொல் இருக்கிறது. அங்கே ஏமாற்றியது பறவையும் மரமும்தான், காதலன் இல்லை. ஆனாலும் எளிதாகப் பிறக்கக்கூடிய எந்தக் குறியும் நம்பத்தக்கதல்ல என்ற உண்மை அதற்குள் இருக்கிறது.

'அறிகுறி' இதற்குப் பொருந்தாது. காய்ச்சலின் அறிகுறியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. கன்னம் சிவப்பது அறிகுறி, கடிதம் எழுதுவது குறி. முன்பகுதிக்குச் 'செலவு' சரிவராது. இன்று அது பணத்தை மட்டும் நினைவூட்டும், பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். 'பாடு' அழகான சொல்தான், ஆனால் 'பாட்டுக்குறி' என்றால் பாட்டு என்று குழம்பும். 'இழப்பு' என்ற சொல்லுக்குள் பணம், நேரம், மானம், உடல்வலி எல்லாமே அடங்கும். ஆகவே இழப்புக்குறி.

பழந்தமிழில் இதற்கு முழு எடுத்துக்காட்டு மடலேறுதல். தலைவியை அடைய வழி காணாத தலைவன், பனங்கருக்கின் பற்கள் உடம்பைக் கிழிக்கும் மடலைக் குதிரையாகச் செய்து, யாரும் சூடாத எருக்கம்பூவைச் சூடி, ஊர் பார்க்கத் தெருவில் வருவது அது. காசு செலவே இல்லை. இழப்பது எதை? குறளில் இந்தப் பகுதிக்கு வைத்த தலைப்பே 'நாணுத் துறவுரைத்தல்'. தலைவன் தன் கணக்கை 1133-ஆம் குறளில் சொல்கிறான்:

நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன்
காமுற்றார் ஏறும் மடல்.

முன்பு என்னிடம் நாணமும் ஆண்மையும் இருந்தன, இன்று இருப்பது மடல் என்கிறான். கொடுத்ததும் பெற்றதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. போலி இதைச் செய்ய மாட்டான். களவாகப் பழகிவிட்டுப் போக நினைப்பவனுக்கு ஊருக்குத் தெரியாமல் இருப்பதே லாபம். மடலேறியவன் இன்னாள் பொருட்டு ஏறினான் என்று தெரு முழுக்கத் தெரிந்தபின் வேறு எந்த வீட்டில் பெண் கேட்பான்? 'மடலேறுவேன்' என்று தோழியிடம் சொல்வதை இலக்கணம் அன்பின் ஐந்திணைக்குள் அனுமதித்து, ஏறியே விடுவதைப் பொருந்தாக் காதலான பெருந்திணையில் தள்ளியது. சொல்வது வேறு, இழந்து காட்டுவது வேறு என்று பிரித்துப் பார்த்த கண் அது.

மடலில் ஒரு குறை உண்டு. அவன் நாணத்தோடு அவள் பெயரும் தெருவுக்கு வருகிறது, அவள் வீட்டாருக்கு வேறு வழியில்லாமல் போகிறது. இழப்பு அனுப்புகிறவன் மேல் விழும்வரைதான் அது குறி, பெறுகிறவள் மேல் விழுந்தால் நெருக்கடி. 'நீ இல்லையென்றால்' என்று கையைக் கீறிக்கொள்வதை இதனால்தான் மெய்க்காதலின் சான்றாக எடுக்கக் கூடாது. வலி உண்மைதான். ஆனால் அந்த வலி இப்போதைய வேகத்தை மட்டும் காட்டுகிறது. நாளை உடன் நிற்கப்போகிறவனையும் நிற்காதவனையும் அது பிரிப்பதில்லை, ஏனென்றால் ஒரு கண வேகத்தில் இருவருமே அதைச் செய்துவிட முடியும்.

பொய்யாகவும் இழப்புக்குறியை உருவாக்கலாம். ஐரோப்பாவில் உள்ள பிசௌரா மிராபிலிஸ் என்ற சிலந்தியில் ஆண், பிடித்த பூச்சியைப் பட்டு நூலால் சுற்றிப் பெண்ணுக்குக் கொண்டுபோகும். சில ஆண்கள் உறிஞ்சி முடித்த சக்கையையோ செடித் துணுக்கையோ சுற்றிக் கொடுத்துவிடும். பொதி ஒன்றுபோலவே இருக்கும். பெண் பிரித்துத் தின்னத் தொடங்கியதும் குட்டு வெளிப்படும், கூடலை அது சீக்கிரமே முடித்துக்கொள்ளும். மனிதரிடம் கடன் வாங்கிய காரும் தவணையில் வாங்கிய வைரமும் அந்தப் பொதி போன்றவை. மேலுறையைப் பார்த்து இழப்பை அளக்க முடியாது, காலம் கொஞ்சம் ஓடினால்தான் அளக்கலாம். ஒரே நாளில் தரும் பெரும் பரிசைவிட மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் சிறு பாடுகளைப் போலி செய்வது கடினம்.

சொல்லைப் பயன்படுத்தும் முறை: 'அவன் ஆறு மாதம் விடாமல் தஞ்சாவூர் வந்தது இழப்புக்குறி.' 'அப்பா காசில் வாங்கிய மோதிரம் இழப்புக்குறி ஆகாது.' இழப்பு இருப்பதுபோல் காட்டி ஏமாற்றுவதற்குத் தனிச்சொல் வேண்டுமென்றால், பொருளைச் சற்று விரித்து, அல்லகுறி என்றே சொல்லலாம்.