வடைச்சட்டியின் எண்ணெய்க் கணக்கு

உளுந்த வடையைத் தட்டிப் போட்டதும் எண்ணெய் சடசடவென்று பொங்குகிறதே, அது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. 175 டிகிரி சூட்டில் அந்த நீராவி எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன. காறல் வாடை பெரும்பாலும் இவற்றின் வேலை. உடைந்தவற்றில் சில ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெயைக் கெட்டியாக்கும். அடுப்பு மேடையில் தெறித்து, தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கும் பிசுக்கு அதுதான். இவை எல்லாவற்றையும் சேர்த்துத் துருவச் சேர்மங்கள் என்பார்கள். எண்ணெயில் இவை 25 சதவீதத்தைத் தாண்டினால் பொரிக்கக் கூடாது என்பது இந்தியாவில் 2018 ஜூலையிலிருந்து சட்டம்.

நெல்லை டவுனிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். சட்டியில் 4 லிட்டர். புது எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 4 சதவீதம், ஒரு நாள் பொரிப்பில் 8 கூடுகிறது என்று வைப்போம். வடை குடித்தது போக 3 லிட்டர் மிஞ்சுகிறது. மறுநாள் 1 லிட்டர் புது எண்ணெய் ஊற்றுகிறார்கள். முதல் நாள் முடிவில் 12. இரண்டாம் நாள் 18. மூன்றாம் நாள் 22.5. நான்காம் நாள் 26 வந்துவிடுகிறது. அப்புறமும் இப்படியே ஊற்றிக்கொண்டு போனால் 36 பக்கம் போய்த்தான் நிற்கும்.

அதே சட்டியில் வியாபாரம் நன்றாக ஓடி, தினமும் 2 லிட்டர் குறைந்து 2 லிட்டர் ஊற்றினால் அளவு 20-ஐத் தாண்டாது. கூட்டம் மொய்க்கிற கடை எண்ணெய் மோசம் என்று நினைக்கிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது, ஆளே வராமல் சட்டி மட்டும் காய்ந்துகொண்டிருக்கிற கடையைப் பார்த்து.

உடம்புக்கு என்ன செய்யும்? ஸ்பெயினில் பிசார்ரா என்ற ஊரில் வீட்டுச் சமையலறை எண்ணெயையே எடுத்துச் சோதித்தார்கள். 2003-இல் வந்த அந்த ஆய்வில், கெட்ட எண்ணெய் புழங்கிய வீட்டாருக்கு ரத்த அழுத்தம் அதிகம் இருந்தது. தொடர்பு தெரிந்ததே தவிர, காரணம் இதுதான் என்று அது நிரூபிக்கவில்லை. கெட்டுப்போன எண்ணெய் ரத்தக்குழாயையும் கல்லீரலையும் பாதிப்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தவை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மிளகாய்ப்பொடி பட்டாலே எண்ணெய் சிவந்துவிடும். நுரை அடங்காமல் சட்டி முழுக்கப் பரவுவது, பொரிக்கிற சூடு வருமுன்னே புகைவது, கரண்டியில் பிசினாக வழிவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். கொட்டுவது சிங்க்கில் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் சிக்கல் வேறு. அப்பளம் பொரித்த எண்ணெயை மூடி வைத்து, வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் காய்ச்சுவோம். அடியில் தங்கும் கசண்டு ஒவ்வொரு தடவையும் கருகி, கெடுவதை வேகப்படுத்தும். ஆறியதும் வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் குழம்புக்கோ தாளிப்புக்கோ தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம். பொரிப்பதற்குச் சன்பிளவரைவிடக் கடலை எண்ணெய் சூடு தாங்கும். அகலச் சட்டியில் அரை லிட்டர் ஊற்றுவதைவிட, குழிவான சின்னச் சட்டியில் கால் லிட்டர் ஊற்றி நாலு நாலாகப் பொரித்தால், மிஞ்சுவதே இரண்டு தாளிப்புக்குத்தான் வரும்.