எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கத்தரியா?

சேலத்து விற்பனை அலுவலகங்களிலிருந்து அதே எக்செல் தாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மாவட்டக் கணிப்புகளைக் கூட்டினால் 1,080 பெட்டி ஜவ்வரிசி, தனியாகப் போட்ட மாநிலக் கணிப்போ 1,000. உடனே எல்லா மாவட்டத்தையும் ஒரே விகிதத்தில் வெட்டிவிடுகிறார்கள். கூட்டல் சரியாகிவிடும், கணிப்புதான் கெட்டுப்போகும்.

இதற்குப் பின்னால் இருப்பது "மொத்தம் தப்பாது, மாவட்டம்தான் ஆடும்" என்ற நம்பிக்கை. மாவட்டங்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் மொத்தத்தில் பிழைச் சதவீதம் குறையும், உண்மைதான். குறையும் என்றால் இல்லவே இல்லை என்றா அர்த்தம்? மாநிலக் கணிப்பும் ஒரு கணிப்புதான், சாமி வாக்கு இல்லை. அதுவும் கொஞ்சம் நகர வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்க, மாநிலத்தில் மூன்றே மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம்: சேலம் 500, நாமக்கல் 300, தருமபுரி 280. பழைய கணிப்புகளில் சேலமும் நாமக்கல்லும் வழக்கமாக 20 பெட்டி தவறியிருக்கின்றன, தருமபுரியும் மாநிலமும் 40. இவற்றின் வர்க்கங்கள் 400, 400, 1,600, 1,600, கூட்டினால் 4,000. இடைவெளியான 80 பெட்டியை இந்தப் பங்கில் பிரியுங்கள். சேலம் 8 குறைந்து 492, நாமக்கல் 8 குறைந்து 292, தருமபுரி 32 குறைந்து 248. மாநிலம் 32 ஏறி 1,032. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், அதே 1,032. விகித வெட்டில் என்ன ஆகியிருக்கும்? நன்றாகக் கணித்த சேலம் 37 பெட்டி இழந்திருக்கும், அதிகம் தவறும் தருமபுரி 21 மட்டுமே.

பிழையை அளக்க, மாதம் பிறக்குமுன் கொடுத்த கணிப்பையும் நிஜ விற்பனையையும் ஒப்பிடுங்கள். மாடல் ஏற்கெனவே பார்த்துவிட்ட மாதங்களில் அளந்தால் பிழை பொய்யாகச் சிறுத்துத் தெரியும். வர்க்கப் பங்கில் பிரிக்கும் இந்த முறை, மாவட்டப் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கொள்கிறது. பண்டிகை தள்ளிப்போய் எல்லா மாவட்டமும் சேர்ந்தே தவறினால், அந்தத் தொடர்பையும் கணக்கில் எடுக்கும் MinT முறைக்குப் போங்கள். ஆனால் அதற்கு நீண்ட வரலாறு வேண்டும்.

தயவுசெய்து ஒன்று: டார்கெட்டைக் கணிப்பு என்று அனுப்பாதீர்கள். ஒரு மாவட்டம் மாதாமாதம் நிஜ விற்பனையைவிடக் கூடுதலாகவே சொல்கிறது என்றால் அது இந்தப் பங்கு பிரிப்பால் தீராது. அந்தச் சாய்வை முதலில் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், பழைய நிஜ விற்பனையை மாவட்டவாரியாகக் கூட்டிப் பாருங்கள். அதுவே மாநிலத்தோடு பொருந்தவில்லை என்றால் கோளாறு கணிப்பில் இல்லை, தரவில். தலைமை அலுவலகம் நேரடியாகப் போட்ட பில் எந்த மாவட்டத்திலும் ஏறியிருக்காது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியின் பழைய விற்பனை இரண்டிலும் ஏறியிருக்கலாம். சேலம் ஸ்டாக்கிஸ்ட் பெயரில் பில் போட்டுத் தருமபுரியில் விற்ற சரக்கு மொத்தத்தை மாற்றாது என்பதால் இந்தச் சோதனையில் சிக்காது. அதை டெலிவரி முகவரியை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

ஏற்காடு போன்ற சிறு பகுதியைத் தனி வரியாக வைத்தால், திருத்தத்துக்குப் பிறகு மைனஸ் வரக்கூடும். அதைப் பூஜ்யமாக்கி, மிச்சத்தை மற்ற வரிகளில் அதே பங்கில் மறுபடி பிரியுங்கள்.