ஓடிய நேரத்துக்கு ஒரு கணக்கு

திருநெல்வேலி டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ரெண்டரிங் ஓடும்போது பிராசஸர் முழுக்க வேலையில்தான் இருக்கிறது. ஆனாலும் ஆல்பத்துக்குப் பெயர் தட்டினால் எழுத்து உடனே வந்து விழுகிறதே, எப்படி?"

ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும், மாற்றி மாற்றிச் செய்வதால் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோலத் தெரிகிறது. இது தெரிந்ததுதான். அடுத்து யார் என்று முடிவு செய்வதில்தான் சூட்சுமம். 2007-ல் லினக்ஸ் 2.6.23-ல் இங்கோ மோல்னார் கொண்டுவந்த, 'முற்றிலும் நியாயமான பங்கீடு' என்று பொருள்படும் சி.எஃப்.எஸ். முறை, ஒவ்வொரு வேலைக்கும் 'மெய்நிகர் ஓட்ட நேரம்' என்று ஒரு எண்ணை வைத்திருக்கிறது. யாருடைய எண் மிகக் குறைவோ, அடுத்து அவர்தான். (இந்த நியாயப் பங்கீடு வேலை செய்யும் என்று அதற்கு முன்பே காட்டியவர் கான் கோலிவாஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்க மருந்து மருத்துவர். ஓய்வு நேரத்தில் எழுதிய கோடு! ஆராய்ச்சி நிதிக்குப் படிவம் நிரப்பச் சொல்லியிருந்தால் ஒரு வரிகூட எழுதியிருப்பாரோ என்னவோ.)

அழகு எங்கே என்றால், அந்த எண் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை:

```
vruntime += ஓடிய நேரம் × 1024 / எடை
```

ஒரு வேலை மற்றவற்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லும் எண்தான் `nice` மதிப்பு. அது 0 என்றால் எடை 1024. 5 என்றால் 335. இரண்டு வேலைகளும் பூஜ்யத்தில் தொடங்குகின்றன என்று வைப்போம். `nice` 5 உள்ள ரெண்டரிங் 3 மில்லி விநாடி ஓடினால் அதன் கணக்கில் சுமார் 9.2 ஏறிவிடும். `nice` 0 உள்ள மற்றதற்கோ ஓடிய 3, மூன்றாகவே ஏறும். அதனால் அது 3, 6, 9 என்று தொடர்ந்து ஓடி, 12-ஐத் தொட்ட பிறகுதான் ரெண்டரிங்குக்கு மறுபடி வாய்ப்பு. போகப்போகப் பங்கு 75-க்கு 25 என்று நிலைத்துவிடும். பங்கு பிரிக்கத் தனியாக எந்த விதியும் எழுதவில்லை, பாருங்கள்!

சரி, தட்டச்சு? எடிட்டர் பெரும்பாலும் தூங்குகிறது. அதன் எண் ஏறவே இல்லை. சாவியைத் தட்டியதும் எழுந்தால், அதன் எண்தான் குறைவு; ரெண்டரிங்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிடும். அப்படியானால் ஒரு மணி நேரம் தூங்கிய வேலை, எழுந்து ஒரு மணி நேரம் பிராசஸரைப் பிடித்துக்கொள்ளாதா? கொள்ளும். அதைத் தடுக்கத்தான் வரிசையில் உள்ளவற்றின் குறைந்தபட்ச எண்ணைத் தனியே குறித்து வைக்கிறார்கள். எழுந்து வரும் வேலையின் எண் அதைவிட மிகவும் பின்தங்கியிருந்தால், அந்த எண்ணுக்குச் சில மில்லி விநாடி கீழே கொண்டுவந்து வைக்கிறார்கள். முந்திக்கொள்ள அது போதும். பழைய பாக்கியெல்லாம் தள்ளுபடி.

2023-ல் வந்த 6.6 கெர்னலில் இதற்குப் பதில் கெடு நேரமும் பார்க்கும் வேறு முறை வந்துவிட்டது. எடையும் இந்தக் கணக்கும் அதிலும் உண்டு.

நீங்களே சோதிக்க, ஒரே டெர்மினலில்:

```
taskset -c 0 sha1sum /dev/zero &
taskset -c 0 nice -n 5 sha1sum /dev/zero &
top
```

இரண்டு தனித்தனி டெர்மினலில் ஓட்டினால் பல கணினிகளில் 50-க்கு 50 என்றே காட்டும். `nice` கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு டெர்மினலையும் ஒரு குழுவாகக் கட்டி, முதலில் குழுக்களுக்கு இடையே சமமாகப் பிரிக்கும் வசதி அங்கே இயங்குகிறது. ரெண்டரிங்கைத் தனி டெர்மினலில் விடுபவர்கள், அதைத் தொடங்கும் முன் அங்கேயே `echo 10 > /proc/self/autogroup` கொடுத்தால் அந்தக் குழுவின் எடையே குறையும்.