ஃப்ளஷுக்கு நாலா, மூணா?

மூன்று சீட்டு போக்கர் மேசையில் 'பேர் பிளஸ்' என்ற பந்தய வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் அச்சிட்டிருக்கும். ஜோடி வந்தால் பந்தயத்துக்குச் சமமாக 1 மடங்கு, மூன்றும் ஒரே இனமாக அமையும் ஃப்ளஷுக்கு 4, அடுத்தடுத்த எண்களாக அமையும் ஸ்ட்ரெய்ட்டுக்கு 6, மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் 30, ஒரே இனத்தில் அடுத்தடுத்து அமையும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு 40. இன்னொரு மேசையிலும் இதே பட்டியல்தான் இருக்கும், ஃப்ளஷ் மட்டும் 4க்குப் பதில் 3. பெரும்பாலானவர்கள் இந்த ஓர் எண்ணைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் இந்த ஓர் எண் காசினோவின் பங்கை மூன்று மடங்குக்கும் மேலாக ஆக்கிவிடுகிறது.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம், கடினமில்லை. 52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள். அதில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 48, மூன்றும் ஒரே எண் 52, ஸ்ட்ரெய்ட் 720, ஃப்ளஷ் 1,096, ஜோடி 3,744. மீதி 16,440 கைகளில் ஒன்றுமே இருக்காது. (ஐந்து சீட்டு போக்கரில் ஃப்ளஷ் பெரிது, இங்கே ஸ்ட்ரெய்ட் பெரிது. காரணம் இந்த எண்ணிக்கைதான். மூன்று சீட்டில் ஸ்ட்ரெய்ட் அமைவது அரிது.) ஒவ்வொரு கைக்கும் ஒரு சிப் வீதம் 22,100 கைகளையும் ஒரு முறை ஆடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷுக்கு 4 தரும் மேசையில் ஜெயித்து வருவது மொத்தம் 15,928 சிப், தோற்றுப் போவது 16,440. காசினோவிடம் நிற்பது 512. அதாவது 100 சிப் வைத்தால் சராசரியாக 2.32 போகிறது. இதைத்தான் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்கள்.

இப்போது ஃப்ளஷை 3 ஆக்குங்கள். 1,096 ஃப்ளஷ்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிப் குறைவதால், 512 இருந்த இடத்தில் 1,608 வந்து நிற்கிறது. ஹவுஸ் எட்ஜ் 7.28 சதவீதம். ஆட்டக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு மேசையிலும் நாலில் மூன்று கைகள் தோற்கும், நாலில் ஒன்று ஜெயிக்கும். ஃப்ளஷ் ஏறக்குறைய இருபது கைக்கு ஒரு முறைதான் வரும். வரும்போது ஒரு சிப் குறைவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு மாலை முழுக்க ஆடினாலும் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தில் இது மறைந்துபோகும். அதனால்தான் மாற்றுவதற்கு இந்த எண் காசினோவுக்கு வசதி. 40ஐ 35 ஆக்கினால் கண்ணில் உடனே உறுத்தும், ஆனால் 22,100ல் 48 கைக்குத்தான் அந்த 5 சிப் மிச்சம், மொத்தம் 240. பெரிய எண்ணில் கை வைப்பதைவிட, அடிக்கடி வரும் சின்ன எண்ணில் கை வைப்பதுதான் லாபம்.

பேர் பிளஸ் பக்கத்துப் பந்தயம்தான். டீலர் கையில் என்ன இருக்கிறது என்பதே அதற்குத் தேவையில்லை, ஆட்டக்காரர் யோசிக்கவும் ஒன்றுமில்லை. முடிவெடுக்க வேண்டிய ஆட்டம் ஆன்ட்டி பந்தயத்தில் இருக்கிறது. டெரெக் வெப் 1994ல் உருவாக்கிய ஆட்டம் இது. சீட்டு வரும் முன்பே ஆன்ட்டி என்ற பந்தயத்தை வைக்கிறீர்கள், உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, ஒன்று கையை விட்டுவிட்டு, அதாவது ஃபோல்ட் செய்து, ஆன்ட்டியை இழக்கலாம், அல்லது ஆன்ட்டிக்குச் சமமாக இன்னொரு பந்தயம் வைத்துத் தொடரலாம். அதன் பெயர் 'பிளே'. அப்புறம் டீலர் சீட்டைத் திறப்பார். டீலர் கையில் குறைந்தது ராணி இருக்க வேண்டும். இல்லையென்றால் டீலர் தகுதி பெறவில்லை என்று அர்த்தம்: ஆன்ட்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், பிளே பந்தயம் அப்படியே திரும்பி வரும். தகுதி பெற்றால் கைகளை ஒப்பிட்டு, ஜெயித்தவருக்கு இரண்டு பந்தயமும்.

டீலர் தகுதி பெறாவிட்டால் சும்மா ஒரு சிப் கிடைக்கிறதே, இது ஆட்டக்காரருக்குச் சாதகமான விதி மாதிரித் தோன்றும். பாதிதான் உண்மை. உங்களிடம் நல்ல கை இருக்கும்போதும், 22,100ல் 6,720 முறை, அதாவது பத்துக்கு மூன்று முறை, டீலர் கை தகுதி பெறாமல் உங்கள் பிளே பந்தயம் ஒன்றுமே சம்பாதிக்காமல் திரும்பிவிடும். இன்னொரு பக்கம், நீங்கள் முதலில் முடிவெடுக்கிறீர்கள். மோசமான கையை ஃபோல்ட் செய்யும்போது, டீலர் கையும் அதே அளவு மோசமாக இருந்திருக்கலாம். அதைப் பார்க்காமலேயே ஆன்ட்டி போய்விடுகிறது. ஆன்ட்டி பந்தயத்தில் காசினோவின் லாபம் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

சரி, எந்தக் கை வரை தொடரலாம்? பதில் ராணி-6-4. அதுவோ அதற்கு மேலோ இருந்தால் பிளே, கீழே இருந்தால் ஃபோல்ட். இந்த எல்லை ஏன் இவ்வளவு குறிப்பாக இருக்கிறது என்பதை ஒரு கையை வைத்தே பார்க்கலாம்.

உங்களிடம் ராணி, 6, 4, மூன்றும் வேறு வேறு இனம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 49 சீட்டில் டீலர் கை 18,424 விதமாக அமையலாம். அதில் 5,758 கைகள் தகுதி பெறாது, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு 1 சிப் லாபம். 305 கைகள் தகுதி பெற்றும் உங்களிடம் தோற்கும் (ராணி-6-3, ராணி-5-2 போன்றவை), ஒவ்வொன்றிலும் 2 சிப். 26 கைகள் சமம். மீதி 12,335 கைகளில் நீங்கள் தோற்று 2 சிப் போகும். கூட்டிக் கழித்தால் 18,424 ஆட்டத்தில் மொத்த நஷ்டம் 18,302 சிப். ஒவ்வொரு முறையும் ஃபோல்ட் செய்திருந்தால் நஷ்டம் சரியாக 18,424. ஆக, பிளே வைப்பதும் நஷ்டம்தான், ஃபோல்டைவிடக் கொஞ்சம் குறைவான நஷ்டம்.

4க்குப் பதில் 3 இருந்தால்? தகுதி பெறாத டீலர் கைகள் 5,747, உங்களிடம் தோற்பவை 271, சமம் 26. மொத்த நஷ்டம் 18,471 சிப். இப்போது ஃபோல்ட் மேல். எல்லை இவ்வளவு மெல்லியது என்பதால், ராணி-6-3ல் தவறிப்போய்த் தொடர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. டீலரைப் போலவே ராணி இருந்தால் ஆடுவது, இல்லாவிட்டால் விடுவது என்று வைத்துக்கொண்டாலும் ஹவுஸ் எட்ஜ் 3.37லிருந்து 3.45க்குத்தான் போகிறது. எதையும் பார்க்காமல் எல்லாக் கைக்கும் பிளே வைப்பவருக்குத்தான் அடி: 7.65 சதவீதம்.

அந்த 3.37க்குள் ஆன்ட்டி போனஸும் அடக்கம். ஸ்ட்ரெய்ட் வந்தால் ஆன்ட்டியில் 1 மடங்கு, மூன்றும் ஒரே எண்ணுக்கு 4, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு 5. டீலர் தகுதி பெற்றாரா, உங்களை வென்றாரா என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. தனியாகப் பந்தயம் கட்ட வேண்டியதும் இல்லை. இனாம் மாதிரித் தெரியும். ஆனால் 22,100 கைகளில் இது திருப்பித் தருவது 1,168 சிப், அதாவது ஆன்ட்டியில் 5.29 சதவீதம். இதை எடுத்துவிட்டால் எட்ஜ் 8.6 சதவீதத்துக்கு மேல் போய், யாரும் உட்காராத ஆட்டமாகிவிடும். போனஸ் என்பது இங்கே மேலே தூவிய பரிசு அல்ல, ஆட்டம் நிற்கும் தூண். சில மேசைகளில் 5, 4, 1 என்பது 4, 3, 1 ஆகவோ 3, 2, 1 ஆகவோ இருக்கும். அப்போது எட்ஜ் 3.83, 4.28 என்று ஏறும். ஸ்ட்ரெய்ட்டுக்கான 1ஐத் தொடாத வரை ஏற்றம் இவ்வளவுதான், ஏனென்றால் அந்த 1,168ல் 720 சிப் ஸ்ட்ரெய்ட்டிலிருந்துதான் வருகிறது.

இந்த சதவீதங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3.37 என்பது ஆன்ட்டியின் சதவீதம். ஆனால் மூன்றில் இரண்டு கைகளில் பிளே பந்தயமும் வைக்கிறீர்கள், அதனால் 100 ஆன்ட்டிக்கு மேசையில் சராசரியாக 167 சிப் இறங்குகிறது. மொத்தப் பணத்தை வைத்துப் பார்த்தால் நஷ்டம் 2 சதவீதம்தான். பேர் பிளஸில் இப்படி இரண்டாவது பந்தயம் இல்லை, 2.32 என்றால் 2.32தான். அதனால் ஃப்ளஷுக்கு 4 தரும் மேசையில் இரண்டு பந்தயமும் ஏறக்குறைய ஒரே தரம். 3 தரும் மேசையில் இரண்டிலும் நூறு நூறு வைத்தால், ஒரு கைக்குச் சராசரியாகப் போகும் 10.65 சிப்பில் 7.28 பேர் பிளஸ் வட்டத்திலிருந்து போகிறது.

காசினோ ஹோல்டெம் ஸ்டீஃபன் ஆ-யுங் 1990களில் உருவாக்கியது. முக்கியப் பந்தயத்துக்கும் பக்கத்துப் பந்தயத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் இதில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆன்ட்டி வைத்ததும் உங்களுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று. ஆக ஏழில் ஐந்து சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறீர்கள்: ஃபோல்ட், அல்லது ஆன்ட்டியைப் போல் இரண்டு மடங்கு 'கால்'. அப்புறம் மீதி இரண்டு பொதுச் சீட்டும் திறக்கும். டீலர் தகுதி பெற அவர் கையில் குறைந்தது இரண்டு 4 சேர்ந்த ஜோடி வேண்டும்.

ஃபோல்டுக்கு 1 போகிறது, தோற்றால் 3 போகிறது, தகுதி பெற்ற டீலரை ஜெயித்தால் குறைந்தது 3 வருகிறது. டீலர் எப்போதுமே தகுதி பெறுகிறார் என்று வைத்தால், மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே ஃபோல்டுக்குச் சமமாகிவிடும். அவர் தகுதி பெறாமல் போகும் வாய்ப்பும் சேர்ந்தால் இன்னும் சாதகம். அதனால் சரியாக ஆடுபவர் நூற்றுக்கு 82 கைகளில் கால் வைப்பார். ஜோடி இல்லாத சுமாரான கைகளைக்கூட விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டு போவது இந்த ஆட்டத்தில் பலவீனம் இல்லை, கணக்கே அப்படித்தான் சொல்கிறது. பயந்து அதிகம் ஃபோல்ட் செய்பவர்தான் இங்கே நஷ்டப்படுவார்.

ஆன்ட்டிக்கான பட்டியல் இதில் ஃப்ளஷுக்கு 2, மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸுக்கு 3, நாலும் ஒரே எண்ணுக்கு 10, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு 20, அதிலேயே பெரிதான, 10 முதல் ஏஸ் வரை அமையும் ராயலுக்கு 100, மற்றதெல்லாம் 1. கால் பந்தயம் எப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான். இந்த விதிகளில் ஹவுஸ் எட்ஜ் ஆன்ட்டியில் 2.16 சதவீதம், மேசையில் இறங்கிய மொத்தப் பணத்தில் 0.82 சதவீதம்.

பக்கத்திலேயே 'ஏஏ போனஸ்' வட்டம் இருக்கும். உங்கள் இரண்டு சீட்டும் முதல் மூன்று பொதுச் சீட்டும் சேர்ந்து ஏஸ் ஜோடியிலிருந்து ஸ்ட்ரெய்ட் வரை எது வந்தாலும் 7 மடங்கு, ஃப்ளஷுக்கு 20, ஃபுல் ஹவுஸுக்கு 30, மேலே போகப் போக 40, 50, 100. ஐந்து சீட்டு கைகள் மொத்தம் 25,98,960. அவற்றை முழுவதும் எண்ணிப் பார்த்தால் எட்ஜ் 6.26 சதவீதம். ஆன்ட்டியில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ராயலுக்கு 100 என்பது கண்ணைப் பறிக்கும், ஆனால் அது 25,98,960ல் 4 கை. கணக்கைத் தாங்கி நிற்பது அந்த 7தான். 2,73,144 கைகள் அதற்குள் விழுகின்றன. ஒரு பேச்சுக்கு அந்த 7ஐ 6 ஆக்கிப் பாருங்கள், எட்ஜ் 16.77 சதவீதம் ஆகிவிடும். 100ஐ 1,000 ஆக்கி ஈடுகட்டப் பார்த்தாலும் திரும்பி வருவது 0.14 சதவீதம் மட்டுமே.