ப்ரொகுராசியோன்: பிரெஞ்சு அதிகார ஆவணத்தில் யார் யார், எந்தக் கையெழுத்து எதற்கு

பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவில் ஒரு குடும்பச் சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ முற்படும்போது, வாரிசுகளில் ஒருவர் காரைக்காலிலோ புதுச்சேரியிலோ இருந்தால், சொத்துப் பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் பிரெஞ்சுச் சட்ட அலுவலரான நோத்தேரின் அலுவலகம் அவரிடம் கேட்கும் முதல் தாள் ப்ரொகுராசியோன் என்னும் அதிகார ஆவணம். தபாலில் மூலத்தாள் வந்து சேருமுன் பெரும்பாலும் அதன் புகைப்படங்கள்தாம் கைப்பேசியில் வந்துவிடுகின்றன. பிரெஞ்சு படிக்கத் தெரியாத உறவினருக்கு அந்தப் படங்களில் புரிவது தம் பெயரும், கையெழுத்திட வேண்டிய இடமும் மட்டுமே. ஆகவே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதை எப்படி வழங்குவது, தாளில் வரும் ஒவ்வொரு கையெழுத்தும் யாரை எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

ப்ரொகுராசியோன் என்பது இலத்தீன் மூலத்தை உடையது. ‘ஒருவருக்காக’ என்னும் பொருள்தரும் முன்னொட்டும் ‘கவனித்துக்கொள்’ என்னும் வினையும் சேர்ந்து, பிறர் காரியத்தை அவருக்காகக் கவனித்தல் என்ற பொருளைத் தந்தன. பிரெஞ்சுக் குடியியல் சட்டத் தொகுப்பின் 1984ஆம் பிரிவு இதற்கு மாந்தா என்ற இன்னொரு பெயரையும் இணையாகவே வழங்குகிறது. இதுவும் இலத்தீன் சொல்லே. கை என்பதும் கொடு என்பதும் சேர்ந்தது என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். ஒருவர் தமக்காகவும் தம் பெயரிலும் ஒன்றைச் செய்யும் அதிகாரத்தை மற்றொருவருக்குத் தருவதே இந்த ஆவணம் என்று அப்பிரிவு வரையறுக்கிறது. ‘தம் பெயரில்’ என்ற சொற்களே இதன் உயிர். கையெழுத்திடுவது ஒருவர் கையாக இருக்க, கட்டுப்படுவது வேறொருவராக இருப்பது அதனால்தான்.

தமிழில் பழைய பத்திரங்களில் முக்தியார் என்ற சொல் வழங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. வழக்கறிஞருக்கு மட்டும் தரும் வக்காலத்து இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய பேச்சில் ‘பவர் பத்திரம்’ என்கிறோம். தமிழ்நாட்டுப் பதிவுத்துறை வழக்கில் அது அதிகார ஆவணம். இவற்றுள் அதிகார ஆவணம் என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து, ஏனெனில் ‘பவர் எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்று சொல்லும்போது சொத்தே கைமாறிவிட்டது போன்ற எண்ணம் நம்மவரிடம் எளிதில் வந்துவிடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றமே 2011இல் பவர் பத்திரத்தின் மூலம் சொத்துரிமை மாறாது என்று தெளிவுபடுத்த நேர்ந்தது. பிரெஞ்சுச் சட்டத்திலும் நிலை அதுவே. அதிகாரம் அளிப்பவர் உரிமையாளராகவே தொடர்கிறார்.

இனி ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ரெயூனியோனின் சேன் ஆந்திரே என்ற ஊரில் தந்தை விட்டுச்சென்ற வீடு ஒன்று உள்ளது. தாய் முன்பே காலமானார். பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. அக்கா தீவிலேயே இருக்கிறார், தம்பி பாரீசில் இருக்கிறார், அண்ணன் காரைக்காலில் இருக்கிறார். அண்ணன் கையெழுத்திட வேண்டிய அதிகார ஆவணத்தை அக்கா நான்கு படங்களாக அனுப்புகிறார். வீடு 1,80,000 யூரோவுக்கு விற்றால் அவர் பங்கு 60,000 யூரோ. பிரிக்கப்படாத சொத்தை முழுதாக விற்க மூவர் சம்மதமும் வேண்டும் என்பதே வழக்கமான நிலை. ஆகவே அண்ணனின் தாள் இல்லாமல் விற்பனை நகராது.

முதற் பக்கத்திலேயே ஒரு தடுமாற்றம் நேரும். அதிகாரம் அளிப்பவரைப் பிரெஞ்சில் மாந்தான் என்றும், பெறுபவரை மாந்தாத்தேர் என்றும் எழுதுவார்கள்; இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. மங்கலான படத்தில் சொல்லின் பின்பாதி மறைந்தால், அண்ணன் தருபவரா பெறுபவரா என்பதே மாறிவிடும். தமிழில் முன்னவரை அதிகாரம் அளிப்பவர் என்றும் பின்னவரை முகவர் என்றும் வேறுபடுத்தி எழுதினால் குழப்பம் வராது. சில சமயம் முகவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருக்காது. ‘இந்த நோத்தேர் அலுவலகத்தின் ஊழியர் எவரேனும்’ என்று இருக்கும். இது மோசடியன்று, வழக்கமான முறைதான். ஆனாலும் அண்ணன் தம் அக்காவுக்கு அதிகாரம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒருவருக்குக் கொடுக்கிறார் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

அடுத்து அதிகாரங்களின் பட்டியல் வரும். அங்கேதான் நிதானம் தேவை. 1988ஆம் பிரிவின்படி, பொதுவான சொற்களில் தரப்பட்ட அதிகாரம் சொத்தைப் பராமரிக்கும் காரியங்களுக்கு மட்டுமே செல்லும். விற்கவோ அடமானம் வைக்கவோ வெளிப்படையான அனுமதி வேண்டும். அதனால் விற்பனைக்குரிய ஆவணத்தில் ‘விற்க’ என்ற சொல்லும், எந்த வீடு என்பதும் தெளிவாக இருக்கும். கடைசியில் வரும் ‘பொதுவாகத் தேவையானவற்றைச் செய்ய’ என்ற வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குறித்த காரியத்துக்கு வேண்டிய துணைச் செயல்களுக்கே அது பயன்படும், புதிய பெரிய அதிகாரத்தைத் தராது.

அஞ்ச வேண்டிய வரிகள் வேறு. ‘முகவர் உசிதமெனக் கருதும் விலைக்கும் நிபந்தனைகளுக்கும்’ என்று இருந்தால், 1,80,000 என்று அக்கா தொலைபேசியில் சொன்ன தொகைக்குத் தாளில் இடமே இல்லை. அந்த இடத்தில் ‘1,80,000 யூரோவுக்குக் குறையாத விலைக்கு’ என்று எழுதித் தரும்படி நோத்தேரைக் கேட்கலாம், அது மரியாதைக்குறைவாகாது. ‘விலையைப் பெற்றுக்கொண்டு ரசீது தர’ என்ற வரி இருந்தால், அண்ணனின் 60,000 யூரோவை முகவரே வாங்கலாம். பணம் தம் கணக்குக்கே வரவேண்டுமானால் அதைச் சொல்லி, வங்கி விவரத்தை நோத்தேருக்குத் தனியே அனுப்ப வேண்டும். ‘தமக்குப் பதிலாக இன்னொருவரை அமர்த்த’ என்ற அனுமதி இருந்தால், அதிகாரம் மூன்றாம் கைக்கும் போகலாம். ஒரு பாதுகாப்பைச் சட்டமே தருகிறது: விற்கும் பொறுப்பை ஏற்ற முகவர், அந்தச் சொத்தைத் தாமே வாங்க முடியாது என்று 1596ஆம் பிரிவு தடுக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான வரி, விற்பனையைப் பற்றியதே அன்று. தந்தையின் வாரிசுரிமையை ‘நிபந்தனையின்றி ஏற்க’ என்ற சொற்கள் அதே பட்டியலில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அதற்கு அதிகாரம் அளித்து, முகவர் அவ்வாறே ஏற்றுக்கொண்டால், தந்தையின் கடன்களுக்கு அண்ணன் தம் சொந்தப் பணத்திலிருந்தும் பொறுப்பாவார். சொத்து கடனைவிடக் குறைவாக இருந்தாலும் பொதுவாக விடுபட முடியாது. கடன் நிலை தெரியாதபோது, சொத்தின் மதிப்பளவுக்கு மட்டும் கடனை ஏற்கும் மாற்றுவழி சட்டத்தில் உண்டு. தந்தைக்கு வங்கிக் கடன், வரி நிலுவை, ஜாமீன் ஏதேனும் இருந்ததா என்று கேட்டறிந்த பிறகே இந்த வரியைத் தொட வேண்டும்.

இப்போது கையெழுத்துகளுக்கு வருவோம். ஒவ்வொரு பக்கத்தின் கீழோரத்திலும் இடும் சுருக்கொப்பத்துக்குப் பராஃப் என்று பெயர். இந்தப் பக்கம் நான் பார்த்த பக்கமே, பின்னர் மாற்றப்படவில்லை என்பதற்கு அது சான்று. கடைசிப் பக்கத்தில் அதிகாரம் அளிப்பவர் தம் கையாலேயே ‘அதிகாரம் அளிக்கச் சம்மதம்’ என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடரை எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் உள்ளது. இந்தக் கையெழுத்தால் வீடு விற்றுவிடாது. ஆனால் தாளில் உள்ள எல்லைக்குள் முகவர் செய்யும் எதையும் அண்ணன் தாமே செய்ததாக ஏற்கவேண்டும். முகவரின் நியாயமான செலவுகளையும் திருப்பித்தர வேண்டும். எல்லையைத் தாண்டிச் செய்தவற்றுக்கு, அவர் பின்னர் ஒப்புக்கொண்டாலன்றிக் கட்டுப்படமாட்டார்.

முகவரின் கையெழுத்து, அதிகாரத்தை ஏற்கிறேன் என்பது. அதனால் அவர் மூன்று கடமைகளை ஏற்கிறார்: சொன்னதைச் செய்து முடிப்பது, கவனக்குறைவுக்குப் பொறுப்பாவது, பெற்ற ஒவ்வொரு யூரோவுக்கும் கணக்குச் சொல்வது. கைம்மாறின்றிச் செய்பவரின் தவறை நீதிமன்றம் சற்று இரக்கத்துடன் பார்க்கும். ஆனால் முகவர் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஆவணம் செல்லாதென்று எண்ணிவிடக் கூடாது. அவர் காரியத்தைத் தொடங்கினாலே ஏற்றதாகக் கொள்ளப்படும். பின்னர் விற்பனைப் பத்திரத்தில் அவர் இடும் கையெழுத்து அண்ணனைக் கட்டுப்படுத்துகிறது, முகவரைச் சொந்த முறையில் அன்று.

மூன்றாவது கையெழுத்தே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தீவில் இருப்பவர் மேரி என்னும் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்றும், காரைக்காலில் இருப்பவர் நோட்டரி முன்னிலையிலும் கையெழுத்திட்டு உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அங்கே அதிகாரி இடும் கையெழுத்து, இன்னார் என் முன் இன்ன நாளில் ஒப்பமிட்டார் என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளடக்கம் நியாயமானது, அண்ணனுக்கு அது புரிந்தது என்று எதையும் அது சொல்வதில்லை. வீட்டிலேயே கையெழுத்திட்டுவிட்டு எடுத்துச் சென்றால் அதிகாரி உறுதிப்படுத்த மாட்டார் என்பதால், இடத்தைக் காலியாக வைத்தே செல்லவேண்டும். இந்தியாவில் பெற்ற நோட்டரி ஒப்பத்தின்மேல் அப்போஸ்டில் என்ற சான்றும் வேண்டியிருக்கும். அது அந்த அதிகாரியின் ஒப்பமும் முத்திரையும் உண்மை என்பதற்கு மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சத்தியப் பிரமாணம் செய்தவராக ஒப்பமிட்டால், மொழிபெயர்ப்பு மூலத்துக்கு ஒத்திருக்கிறது என்பதற்கே அவர் பொறுப்பு.

படத்தை வைத்துப் படிப்பவர் முதலில் பக்க எண்ணைப் பார்க்கவேண்டும். நான்கு படங்கள் வந்தும், பக்கங்கள் 1, 2, 2, 4 என்று இருக்கலாம். ஒரே பக்கம் இருமுறை எடுக்கப்பட்டு, விலை எழுதிய 3ஆம் பக்கம் விடுபட்டிருக்கும். கீழோரம் வெட்டப்பட்டிருந்தால் பராஃப் இருக்கிறதா என்று தெரியாது. நோத்தேர் எழுதிய ஆவணமாக இருந்தால், முடிவில் எத்தனை சொற்கள் அடிக்கப்பட்டுச் செல்லாதவையாயின என்ற குறிப்பும் வரும். உள்ளே அடித்த சொற்களை எண்ணி அதனோடு ஒப்பிடலாம். பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதையும் கேட்டு வாங்கவேண்டும். கட்டங்கள் ஏதேனும் காலியாக இருந்தால், அவற்றை நிரப்பிய பிறகு கையெழுத்திடுவதே முறை. படத்தில் படித்தது படிப்பதற்கு மட்டும்; கையெழுத்திடும் மூலத்தாளை அதனோடு வரிக்கு வரி மீண்டும் ஒப்பிட வேண்டும்.

கொடுத்த அதிகாரத்தை அண்ணன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அவர் இறந்தாலும் அது முடிந்துவிடும். ஆனால் திரும்பப் பெற்றதை அக்காவிடம் மட்டும் சொன்னால் போதாது. செய்தி அறியாமல் நல்லெண்ணத்துடன் முகவரோடு ஒப்பந்தம் செய்த மூன்றாமவருக்கு எதிராக அந்த ரத்து செல்லாது என்று 2005ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே ரத்துக் கடிதம் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் முகவருக்கும், விற்பனையை நடத்தும் நோத்தேர் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் போகவேண்டும். மூலத்தாளைத் திருப்பித் தரும்படியும் அதில் கேட்டிருக்க வேண்டும்.