சிவப்புக் கோடு விழாத மூன்று பிழைகள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பட்டா மாறுதலுக்கான மனுவைப் போனிலேயே தமிழில் தட்டினேன். ஊர்ப்பெயருக்கு அடியில் மட்டும் சிவப்புக் கோடு வந்தது. மற்றதெல்லாம் சரி என்று நினைத்தேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர் ஒரே வரியில் மூன்று பிழை காட்டினார். சரியாக இருந்த ஊர்ப்பெயரைத் தப்பு என்ற போனுக்கு, தப்பாக இருந்த மூன்றும் எப்படித் தெரியாமல் போயின?"

அவர் அனுப்பிய வரி இது: "என் தந்தை பெயரில் உள்ள நிலத்தை பட்டா மாறுதல் செய்து தர கேட்டு கொள்கிறேன்."

நிலத்தைப் பட்டா, தரக் கேட்டு, கேட்டுக் கொள்கிறேன். விடுபட்டவை ப், க், க் என மூன்று ஒற்றுகள். ஆனால் நிலத்தை, தர, கேட்டு ஆகிய மூன்றும் தனித்தனியே நல்ல தமிழ்ச் சொற்கள். சாதாரணப் பிழைதிருத்தி இடைவெளி விட்ட இடத்தில் வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் தன் பட்டியலில் தேடும். இருந்தால் விட்டுவிடும், இல்லையென்றால் கோடு போடும். பக்கத்துச் சொல் என்ன என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. ஒற்றுப்பிழையோ இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது.

தமிழில் எல்லாச் சொல்லையும் பட்டியலாக எழுதி வைக்க முடியாது. நிலம் என்ற ஒன்றே நிலத்தை, நிலத்தில், நிலத்திலிருந்து, நிலத்திற்கும் என்று விரிந்துகொண்டே போகும். அதனால் வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, விகுதி ஒட்டும் விதியைத் தனியாக எழுதுவார்கள். லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் ஆகியவற்றில் பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் அப்படித்தான் இயங்குகிறது. தமிழைப் போலவே விகுதி மேல் விகுதி ஒட்டும் ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நெமெத் செய்த கருவி அது. அதன் விதி இப்படி இருக்கும்:

```
SFX A Y 2
SFX A ம் த்தை ம்
SFX A ம் த்தில் ம்
```

"ம்" என்று முடியும் சொல்லில் அந்த "ம்"மை எடுத்துவிட்டு "த்தை" அல்லது "த்தில்" ஒட்டு என்பது பொருள். சொல்லைச் சோதிக்கும்போது இதையே தலைகீழாகச் செய்கிறது: நிலத்தை என்பதில் த்தை-யை உரித்து, ம் சேர்த்து, நிலம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது.

இந்த உரிக்கும் வேலைதான் ஒற்றுப்பிழையைப் பிடிக்கவும் சாவி. வாசகரின் வரியில் தந்தை, நிலத்தை இரண்டும் ஐகாரத்தில் முடிகின்றன. இரண்டுக்கும் அடுத்துப் பகரம் வருகிறது. ஆனால் "நிலத்தைப் பட்டா" என்று ஒற்று மிகும், "தந்தை பெயரில்" என்பதில் மிகாது. கடைசி எழுத்தை மட்டும் பார்க்கிற கருவி இரண்டையும் ஒன்றாகத்தான் நடத்தும். உரித்துப் பார்க்கிற கருவிக்கோ நிலத்தை என்பதில் இருக்கும் ஐ இரண்டாம் வேற்றுமை உருபு என்றும், தந்தை என்பதில் இருப்பது சொல்லின் சொந்த உடம்பு என்றும் தெரிந்துவிடும்.

செய்து, கேட்டு இரண்டையும் பாருங்கள். இரண்டும் வினையெச்சம், இரண்டும் உகரத்தில் முடிகின்றன. "செய்து தர" என்பதில் ஒற்று வராது, "கேட்டுக் கொள்கிறேன்" என்பதில் வரும். கடைசி உகர எழுத்துக்கு முந்தியது வல்லின மெய்யா என்பதுதான் கேள்வி. கேட்டு என்பதில் ட் இருக்கிறது, மிகும். செய்து என்பதில் இருப்பது இடையின ய், மிகாது. வந்து என்பதில் மெல்லின ந், மிகாது. பள்ளிக்கூடத்தில் நாம் வன்தொடர்க் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்து மறந்ததை, கணினி ஒரே ஒரு எழுத்து பின்னால் போய்ப் பார்த்து முடித்துவிடுகிறது. இலக்கணம் பழசு, கணினிக்கு ஆகாது என்பவர்களிடம் இந்த இரண்டு சொல்லைக் காட்டலாம். நன்னூல் விதிகளில் பல, நிரல் எழுதுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளும் வடிவில்தான் இருக்கின்றன.

ஆனால் உரித்தாலும் தீராத இடம் உண்டு. "வள்ளிமலையில் வேலை பார்த்தார்" என்றால் அங்கே உத்தியோகம். "வள்ளிமலையில் வேலைப் பார்த்தார்" என்றால் முருகன் கையிலுள்ள வேலைக் கண்டார். முதலாவது வேலை என்ற சொல்லே, இரண்டாவது வேல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்தது. இரண்டு வரியும் இலக்கணப்படி சரி. எழுதியவர் எதை நினைத்தார் என்பது எழுத்தில் இல்லை. நல்ல கருவி இங்கே தானாகத் திருத்தாமல், சந்தேகம் என்று காட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஊர்ப்பெயருக்குக் கோடு விழுந்ததன் காரணம் எளிது, அது பட்டியலில் இல்லை. ஆனால் போனின் சொந்த அகராதியில், உதாரணமாக, ஆற்காடு என்று சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்த அகராதி எழுத்துக் கோவையை அப்படியே வைத்துக்கொள்ளும், உரிக்கத் தெரியாது. ஆற்காட்டில், ஆற்காட்டுக்கு என்று டகரம் இரட்டித்தவுடன் அதற்கு அது வேறு சொல். மனுவில் வரக்கூடிய மூன்று நான்கு வடிவங்களையும் தனித்தனியே சேர்த்துவிடுவதே வழி.

இன்னொரு கோடு கண்ணுக்கே புரியாது. கௌரவம் என்பதில் கௌ எழுத்தை, க-வுக்கு முன் கொம்பு போட்டுப் பின்னால் ள தட்டி "கெள" என்று சிலர் அமைக்கிறார்கள். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொல். ஆண்ட்ராய்டு போனில் அதன் பின்னால் நிறுத்தி ஒருமுறை அழித்துப் பாருங்கள். க மட்டும் மிஞ்சினால் சரி, கெ மிஞ்சினால் ள நுழைந்திருக்கிறது.

போனிலேயே மனுவை முடிக்க நினைப்பவர் விசைப்பலகையின் பரிந்துரையை மட்டும் நம்பாமல், உரையை நகலெடுத்து நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற இணையக் கருவியில் எழுத்துப்பிழையும், பிறகு அவருடைய நாவி என்ற கருவியில் ஒற்றுப்பிழையும் பார்க்கலாம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சொல்லே தப்பாக இருந்தால் அதை உரிக்க முடியாது, ஒற்றும் முடிவாகாது. ஒட்டுவதற்கு முன் வரியின் நடுவே விழுந்த எண்டரை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சொல் அடுத்த வரியில் ஒளிந்துகொள்ளும். ஆதார் எண், புல எண், கைபேசி எண் இருக்கும் இடத்தில் 0000 போட்டுவிட்டு, திருத்தி முடித்ததும் உண்மை எண்ணை எழுதுங்கள். அனுப்புநர், பெறுநர் இரண்டையும் கண்ணாலேயே பாருங்கள். அனுப்பு, பெறு என்பவற்றோடு நர் விகுதி சேர்ந்தவை அவை. இணைய எழுத்திலிருந்து திரட்டிய பட்டியலில் அனுப்புனரும் பெறுனரும் ஏராளமாகக் கலந்திருக்கும் என்பதால் கருவி விட்டுவிடக்கூடும்.

அலுவலக மொழிக்கென்று நல்ல கருவி வேண்டுமானால், திருத்திய கடிதங்களும் திருத்தாத மூலமும் ஜோடியாக, யூனிகோடில் வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை நகலெடுத்தால் குப்பை எழுத்துதான் வருகிறது. தமிழ் மாநாட்டுப் பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்தக் கடித ஜோடிகளைத் திரட்டத் தரலாம் என்பது என் எண்ணம்.

கடைசியாக, எந்தக் கோடும் விழாத ஒரு வரி: "ஆற்காடு வட்டம், வேலூர் மாவட்டம்." எழுத்தும் சரி, ஒற்றும் சரி. ஆனால் 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போய்விட்டன. பழைய மனுவை நகலெடுத்துத் தேதி மாற்றுகிறவர்கள் அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.