அட்மின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவு

எண்பதாயிரம் பேர் உள்ள ஒரு செடி வளர்ப்புக் குழு ஃபேஸ்புக்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் படம் போட்டுக் கேட்கிறார்: "இலைக்கு அடியில வெள்ளையா பூச்சி அப்பியிருக்கு, என்ன தெளிக்கலாம்?" குழுவில் பதிவு ஒப்புதல் போட்டிருப்பதால் அது யார் கண்ணிலும் படாது. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஒப்புதல் கிடைக்கிறது. அதற்குள் அவர் கையில் கிடைத்த எதையோ தெளித்து முடித்திருப்பார்.

இதற்கு அட்மின்களின் சோம்பல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. குழுவுக்கு நாளுக்கு 120 பதிவுகள் வருகின்றன, அட்மின்களும் நாளுக்கு 120 பதிவுகளைப் பார்த்து முடிக்கிறார்கள். பாக்கி ஏறவில்லை. ஆனால் எப்போது திறந்தாலும் சராசரியாக 90 பதிவுகள் வரிசையில் நிற்கின்றன. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசை விதி இங்கே அப்படியே பொருந்தும்: வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கையை, வரும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். 90-ஐ 120-ஆல் வகுத்தால் முக்கால் நாள், அதாவது பதினெட்டு மணி நேரம்.

இந்தப் பதினெட்டு மணி நேரம் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பூத்த ரோஜாவின் படம் நாளைக்கு வந்தாலும் ரோஜாதான். விற்பனை விளம்பரத்துக்கும் அவசரம் இல்லை. அவசரக் கேள்வி மட்டும் கெட்டுப்போகிறது. இரண்டு முறை இப்படி ஆனவர் மூன்றாம் முறை கேட்க மாட்டார். சில மாதங்களில் குழு, கேள்வி கேட்கும் இடம் என்பது போய்ப் படம் காட்டும் இடமாகிவிடும். யாரும் அப்படித் திட்டமிடவில்லை, வரிசை செய்த வேலை அது.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. சலித்தவர்கள் விலகியதும் வரிசை தானாகவே குறையும். "பாக்கியே இல்லை, எல்லாம் சீராகப் போகிறது" என்று அட்மின்கள் நினைப்பார்கள். அதனால் வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பயனில்லை. இந்த வாரம் முதல்முறையாகப் பதிவு போட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அது இறங்கிக்கொண்டே போனால் வரிசை ஆட்களைத் துரத்துகிறது என்று அர்த்தம்.

அதற்காக ஒப்புதலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஒப்புதலைக் கொண்டுவந்த பிறகு பதிவுகள் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் கருத்துகள் கூடின, புகார்கள் குறைந்தன. பேச்சு குறைந்து தரம் கூடுகிறது. இந்தப் பேரம் லாபமா என்பது குழு எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நடுவழி ஒன்று உண்டு. ஒழுங்காகப் பதிவிடும் பழைய உறுப்பினர்களுக்கு ஒப்புதலிலிருந்து விலக்கு தரலாம். 120-இல் 70 அவர்களுடையது என்றால் வரிசைக்கு வருவது 50 மட்டுமே. சராசரியாக ஆறு பதிவுகளுக்கு மேல் தேங்காமல் பார்த்துக்கொண்டால், அதே வகுத்தல் கணக்கில் காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

சரி, அந்த 50-லும் அரைகுறைப் பதிவுகள் வருமே? விதிகள் அங்கேதான் உதவும். விதிகளை நீட்டி முழக்கினால் புதியவர்கள் பயந்து ஓடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். ரெடிட்டின் அறிவியல் குழுவில் நேதன் மத்தியாஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனை வேறு மாதிரி சொன்னது. சில விவாதங்களின் தலையில் மட்டும் விதிகளை ஒட்டிவைத்துப் பார்த்தார். அங்கே புதியவர்கள் விதியை மீறுவது குறைந்தது, கருத்திடும் புதியவர்களின் எண்ணிக்கையோ சராசரியாக 70 சதவீதம் கூடியது. என்ன செய்தால் திட்டு விழும் என்று தெரியாத இடத்தில்தான் மனிதர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள் போலும். விதி கண்ணில் படும் இடத்தில் இருந்தது என்பதும் முக்கியம். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் புதைத்துவைத்த விதிக்கு இந்தப் பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சேரும்போது கேட்கும் கேள்வி, அப்படிக் கண்ணில் படும் இன்னொரு இடம். ஃபேஸ்புக் குழுவில் மூன்று கேள்விகள் வரை வைக்கலாம். "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் "செடி பிடிக்கும்" என்று வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "விதி 2-இன்படி, பூச்சி பற்றிக் கேட்கும்போது இலையின் எந்த இரண்டு பக்கங்களைப் படமெடுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். விதியைத் திறக்காமல் பதில் எழுதுவது கஷ்டம். பதிலே எழுதாத கோரிக்கைகளைத் தானாக நிராகரிக்கவும் அமைக்கலாம். ஆனால் கேள்விப் பெட்டியைக் கவனிக்காமல் மூடிவிட்ட நல்லவர்களும் அதில் அடிபடுவார்கள். அதனால் வெறுமையாக வந்தவற்றை ஓரிரு நாள் அப்படியே விட்டுவைப்பது நல்லது. சிலர் திரும்பி வந்து எழுதுவார்கள். "மேல்புறம், அடிப்புறம்" என்று எழுதியவரின் முதல் பதிவு இரண்டு படங்களோடுதான் வரும். அட்மின் அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

"ஆமாம்" என்று மட்டும் எழுதுபவர்களும் உண்டு.